பொருள்: விடை 'வரக்கூடியதா' என்று பார்ப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

தேன்மொழி:
அனைவருக்கும் வணக்கம். புள்ளியியல் பயிற்சி நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு கணக்கின் கீழும் ஒரு பெட்டி இருக்கிறது. கணக்கை மறுபடி போடாமலே, இப்படி ஒரு விடை வர முடியுமா என்று மாணவரைப் பார்க்கச் சொல்லும் பெட்டி. முதல் கணக்கில் மதிப்பெண்கள் 42, 48, 50, 55, 55. திட்ட விலக்கம் 23.6 என்று ஒரு மாணவர் எழுதியதாக வைத்து, அது ஏன் தவறு என்று கேட்கிறார்கள். பெட்டிக்குத் தலைப்பாக 'சரிபார்ப்பு' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

கதிரவன்:
ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. சரிபார்த்தால் சரி என்று தெரிய வேண்டும். இந்தப் பெட்டி அதைச் சொல்லாது, தவறான சிலவற்றை விலக்க மட்டுமே செய்யும்.

உங்கள் கணக்கையே எடுங்கள். சராசரி 50. விலக்கங்கள் -8, -2, 0, 5, 5. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 118. ஐந்தால் வகுத்தால் 23.6. மாணவர் அங்கேயே நின்றுவிட்டார், வர்க்கமூலம் எடுக்கவில்லை. எடுத்தால் 4.86. இதை எதையும் திரும்பப் போடாமலே பிடிக்கலாம்: மிகச் சிறிய மதிப்பெண் 42, மிகப் பெரியது 55, வீச்சு 13. சராசரியிலிருந்து எந்த மதிப்பெண்ணும் 8-க்கு மேல் விலகவில்லை. அப்படியிருக்க, விலகலின் அளவு 23.6 ஆக எப்படி இருக்கும்?

இளங்கோ:
'ஏற்புடைமைச் சோதனை' என்று வைக்கலாமே. ஏல் என்னும் வினையடி பகர விகுதி பெற்று, லகரம் றகரமாகத் திரிந்து ஏற்பு ஆனது. பொருந்துதல், தகுதல் என்ற பொருள்கள் அதற்கு உண்டு. இலங்கைப் பேச்சில் இன்றும் வழங்கும் 'ஏலும்', 'ஏலாது' என்பவையும் இதன் கிளைகளே. ஒரு விடை ஏலுமா, ஏலாதா? கேள்வியே சொல்லாகிவிடுகிறது.

பவானி:
இளங்கோ ஐயா, நாங்கள் சொல்லும் 'ஏலாது' இயலாது என்பதன் மருவு என்றுதான் படித்திருக்கிறேன். ஏற்றல் என்பது பெற்றுக்கொள்வது. ஈதலும் ஏற்றலும் என்று சேர்த்துத்தானே சொல்கிறோம்? இரண்டும் ஒரு வேரா என்பது எனக்கு ஐயம். ஆனால் 'ஏலாமை' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இளங்கோ:
இயல், ஏல், ஏர் மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும் அம்மா. பொருந்தி அமைவது இயல்பு, பொருந்துவது ஏல்வது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

கதிரவன்:
வேர் எதுவானாலும் புள்ளியியலில் 'ஏற்பு' வேறு வேலையில் இருக்கிறது. கருதுகோள் சோதனையில் ஏற்புப் பகுதி, மறுப்புப் பகுதி என்று பாடம் நடத்துகிறோம். இரண்டு பாடம் தள்ளி 'ஏற்புடைமைச் சோதனை' வந்தால் மாணவர்கள் அட்டவணையைத் தேடுவார்கள். 'நம்பகம்' என்றாலும் இதே சிக்கல், அளவீடுகளின் நம்பகத்தன்மைக்கு அந்தச் சொல் போய்விட்டது. 'தகவு' என்றால் நிகழ்தகவு நினைவுக்கு வரும்.

ரவி:
சொல்லை விடுங்கள், விதியை நேராகவே எழுதிவிடலாம்: திட்ட விலக்கம் வீச்சில் பாதியைத் தாண்டவே தாண்டாது. இங்கே 6.5. தாண்டினால் தவறு. தலைப்பு 'பாதி வீச்சு விதி'.

கதிரவன்:
ரவி, n ஆல் வகுக்கும்போது மட்டும் அது உண்மை. 40, 60 என்று இரண்டே மதிப்புகள் இருக்கட்டும். வீச்சில் பாதி 10. n ஆல் வகுத்தால் திட்ட விலக்கமும் 10. கூறுக்கான வாய்பாட்டில் n-1 ஆல் வகுத்தால் 14.14 வரும், அதுவும் சரியான விடைதான். உங்கள் விதியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை சரியான விடையை அடித்துவிடும். n-1 என்றால் பாதி வீச்சை √(n/(n-1)) ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து மதிப்பெண்களுக்கு வரம்பு 7.27.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே கணக்கில் n-1 ஆல் வகுத்தால் 5.43. வகுக்க வேண்டியது எதுவென்று குழம்பிய மாணவர் 4.86 எழுதினாலும் 5.43 எழுதினாலும் இரண்டுமே வரம்புக்குள் அடங்கும். பெட்டி பேசாமல் இருந்துவிடும். அதனால்தான் தலைப்பில் 'சரி' என்ற சொல் வரக்கூடாது என்கிறேன்.

செல்வி:
தரவைச் சரிபார்ப்பது பற்றியா பேச்சு? என் நிரலில் பெரிய எண்களைக் கொடுத்தால் திட்ட விலக்கத்துக்கு `nan` என்று வருகிறது. தரவில் பிழை எதுவும் இல்லை. எல்லாம் 1000000001, 1000000002 போன்ற எண்கள்.

கதிரவன்:
செல்வி, இங்கே பேசுவது விடையைப் பற்றி. ஆனால் உங்கள் சிக்கலும் அதே குடும்பம்தான். வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் குறுக்குவழி வாய்பாட்டைப் போட்டிருப்பீர்கள். அந்த வர்க்கங்கள் 19 இலக்க எண்கள். கணினி வழக்கமாக ஏறக்குறைய 16 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். கழிக்கும்போது கடைசி இலக்கங்களில்தான் விடை இருக்கிறது, அவை முன்னமே போய்விட்டன. எதிர்ம எண் வந்தால் வர்க்கமூலம் `nan`. முதலில் சராசரியைக் கண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழித்து, பிறகு வர்க்கம் எடுங்கள்.

மாணவர்கள் கையால் போடும்போதும் இது நடக்கும். 50, 50, 51, 51, 51 என்றால் சராசரி 50.6. அதை 51 என்று முழுமையாக்கிவிட்டுக் குறுக்குவழியில் போனால் 2560.6 - 2601 = -40.4. விலக்கங்களின் வர்க்கங்களுடைய சராசரி எதிர்மமாக இருக்கவே முடியாது என்பதால் உடனே பிடிபடும். 50 என்று குறைத்து எழுதியவருக்கோ 60.6 வரும். எதிர்மம் இல்லை என்று திருப்தியாகப் போய்விடுவார். வர்க்கமூலம் எடுத்து 7.78 ஐ வீச்சோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இங்கே வீச்சு வெறும் 1.

பவானி:
அப்படியானால் 'விடைநோட்டம்'? நாணயம் செல்லுமா என்று பார்ப்பதற்குப் பழைய சொல் நோட்டம். நோட்டக்காரர் கள்ள நாணயத்தை ஒதுக்குவார், நல்ல நாணயத்தின் சொந்தக்காரர் யார் என்று சொல்லமாட்டார். கதிரவன் கேட்கும் பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறது.

இளங்கோ:
நல்ல சொல்தான். ஆனால் கன்னடத்தில் 'நோடு' பார்ப்பதற்கான அன்றாட வினை, தமிழில் அப்படி வினையாக வழங்குவதில்லை. அங்கிருந்து வந்ததா, பொதுவேரா என்று தெளிவாகாமல் பாடநூலில் ஏற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

ரவி:
எனக்கு வேர் கவலை இல்லை. 'நோட்டம் விடுகிறான்' என்றால் திருட வந்தவன் என்றுதான் பிள்ளைகளுக்குப் புரியும். வகுப்பில் சிரிப்பார்கள். 'விடை வருமா பார்' போதும்.

தேன்மொழி:
நேரம் இல்லை, முடிவுக்கு வருகிறேன். பெட்டித் தலைப்பு 'இந்த விடை வருமா?' என்று இருக்கட்டும். சொல்லடைவில் பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் 'விடைநோட்டம்' போடுகிறேன், பவானி அக்காவுக்கும் செல்விக்கும் அதில் சம்மதம். கதிரவன் ஐயா சொன்னபடி, வரம்புக்குள் இருப்பதால் மட்டும் விடை சரியாகிவிடாது என்ற வரியை முதல் பெட்டியிலேயே சேர்க்கிறேன்.

இளங்கோ:
சொல்லடைவில் 'ஏலாமை நோக்கு' என்பதையும் மாற்றுச் சொல்லாகக் குறிக்க வேண்டுகிறேன். என் கருத்து மாறவில்லை.

கதிரவன்:
தேன்மொழி, அந்த முதல் கணக்கில் ஐந்து மதிப்பெண்களும் முழு வகுப்பா, கூறா என்று மூலத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் 6.5, 7.27 இரண்டில் எந்த வரம்பைப் பெட்டியில் எழுதுவீர்கள்?