மடற்பொருள்: மின்தூக்கி அறிவிப்பில் வரும் 'ஓவர்ஸ்பீடு கவர்னர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வேளச்சேரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் அடுக்ககத்தின் ஐந்தாம் தளத்தில் தனியாக வசிக்கும் அம்மையார், மின்தூக்கிக் கதவருகே ஒட்டியிருந்த ஆங்கில அறிவிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து மஸ்கட்டில் இருக்கும் தம் மகளுக்கு அனுப்பினார். மகள் அதை எனக்கு அனுப்பி, கயிறு அறுந்துவிட்டதா, அம்மா அதில் போகலாமா என்று கேட்டார். நான் எழுதிவைத்திருக்கும் பதில் இது:

"அக்கா, கயிறு எதுவும் அறுந்துபோகவில்லை. இரண்டாம் எண் லிப்ட் செவ்வாய் காலை 9 மணி முதல் புதன் மாலை 6 மணி வரை ஓடாது என்று போட்டிருக்கிறார்கள். லிப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகள் தேய்ந்திருப்பதால் எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். அதோடு ஓவர்ஸ்பீடு கவர்னர் கயிற்றையும் மாற்றுகிறார்கள். முதலாம் எண் லிப்ட் வழக்கம்போல் ஓடும். அம்மா அதில் போய் வரலாம்."

கவர்னர் வரும் வரியில்தான் நின்றுவிட்டேன். அகராதியில் பார்த்தால் 'ஆளுநர்' என்று இருக்கிறது. ஆளுநர் கயிற்றை மாற்றுகிறார்கள் என்று எழுதினால் அக்கா சிரிப்பார் அல்லது பயப்படுவார். பொருத்தமான சொல் ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

மதுரையிலிருந்து:

அன்பரே, இதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. நீராவி எந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழன்று, வேகம் கூடினால் நீராவியைக் குறைத்தும் குறைந்தால் கூட்டியும் ஓட்டத்தை ஒரே சீராக வைத்திருந்த அமைப்புக்கும் இதே பெயர்தான். நான் இயற்பியல் பாடம் நடத்திய காலத்தில் அதை 'வேகச்சீராக்கி' என்றே சொல்வேன். மின்தூக்கியிலும் அது வேகத்தைச் சீராக வைப்பதால், 'வேகச்சீராக்கிக் கயிறு' என்று தயங்காமல் எழுதலாம்.

திருச்சியிலிருந்து:

ஐயா சொன்ன நீராவி எந்திரக் கதை சரியானது. ஆனால் மின்தூக்கியில் இருக்கும் கவர்னர் வேகத்தைச் சீராக்குவதே இல்லை. நான் மின்தூக்கி பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. கவர்னர் வேகத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். அளவு மீறினால்தான் அது கை வைக்கும்.

அது வேலை செய்யும் முறையைச் சொன்னால் சொல் தானாக அமையும். எந்திர அறையில் ஒரு சிறிய சக்கரம் இருக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய கயிறு வளையமாகப் போய், கீழே குழியில் தொங்கும் எடைச் சக்கரத்தைச் சுற்றி மேலே வரும். அந்தக் கயிறு பெட்டியின் எடையைத் தாங்குவதில்லை. பெட்டியில் உள்ள ஒரு நெம்புகோலோடு இணைந்து, பெட்டியோடு கூடவே ஓடும். எட்டு பேர், 544 கிலோ என்று தகட்டில் எழுதியிருக்கும் மின்தூக்கி ஒன்று விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடும்போது கவர்னர் முதலில் ஒரு சுவிட்சைத் தட்டி மின்சாரத்தை நிறுத்தும். உடனே மோட்டார் பிரேக் விழும். அதற்கும் அடங்காமல் பெட்டி கீழே விரைந்தால், 1.15 மீட்டருக்குக் குறையாமல் அமைத்து முத்திரையிட்ட ஒரு வேகத்தில், கவர்னரின் தாடை அந்த மெல்லிய கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கயிறு நின்றுவிடும், பெட்டி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் நெம்புகோல் இழுபட்டு, பெட்டியோடு இருக்கும் ஆப்புகள் இருபுறத் தண்டவாளங்களையும் இறுகப் பிடித்து நிறுத்திவிடும்.

ஆகவே வேகத்தைக் கவனிப்பது ஒன்று, பெட்டியைப் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. முதலாவதை 'வேகக்காவலி' என்றும், இரண்டாவதைக் 'காப்புப்பிடி' என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. எங்கள் ஆட்கள் 'கவர்னர் ரோப்பு' என்றுதான் சொல்வார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கோவையிலிருந்து:

எங்கள் குடியிருப்பிலும் இதே தொல்லை இருக்கிறது. மின்சாரம் போனதும் மின்தூக்கி இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிடுகிறது. பேட்டரியில் பக்கத்துத் தளத்துக்கு வந்து கதவைத் திறக்க வேண்டிய கருவி வேலை செய்வதில்லை. கவர்னர் கயிற்றை மாற்றினால் இது சரியாகுமா? சொல்லைப் பொறுத்தவரை, விழாமல் காப்பதால் 'வீழ்ச்சித் தடுப்பி' என்றே வைத்துவிடலாமே.

திருச்சியிலிருந்து:

தங்களுடையது பேட்டரிக் கருவியின் பழுது. அதற்கும் கவர்னருக்கும் தொடர்பில்லை. பேட்டரி பழையதாகியிருந்தால் சோதனையில் விளக்கு எரியும், பெட்டியை நகர்த்தும் வலு இருக்காது. பராமரிப்பவரை அழைத்து, அவர் முன்னிலையில் மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

'வீழ்ச்சித் தடுப்பி' என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கயிறு அறுந்து பெட்டி விழுவதையே எல்லாரும் நினைக்கிறார்கள். தாங்கு கயிறுகள் பல இருக்கும். அவை எல்லாம் ஒன்றாக அறுவது மிக அரிது. கவர்னருக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. பிரேக் தேய்ந்து பெட்டி வழுக்கினாலும் அது பிடிக்கும். மேலும், தாங்கு கயிறுகளின் மறுபக்கத்தில் தொங்கும் எதிரெடை என்பது காலிப் பெட்டியின் எடையோடு சுமையில் ஏறக்குறையப் பாதியும் சேர்ந்தது. 544 கிலோ மின்தூக்கியில் காலிப் பெட்டியைவிட எதிரெடை சுமார் 270 கிலோ கூடுதலாக இருக்கும். பிரேக் கைவிட்டால் காலிப் பெட்டி விழாது, மேலே ஏறும். அப்போதும் கவர்னர் வேகத்தை உணரும். அதை 'வீழ்ச்சி' என்ற சொல்லுக்குள் எப்படி அடக்குவது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

நான் மருத்துவமனை அறிவிப்புகளைத் தமிழில் எழுதுகிறவள். கலைச்சொல் பட்டியலுக்கு 'வேகக்காவலி' நல்ல சொல்லாகவே படுகிறது. ஆனால் மஸ்கட்டில் இருக்கும் அக்காவுக்கு அந்தச் சொல் எதற்கு? அவர் கேட்டவை இரண்டு: ஆபத்தா, அம்மா போகலாமா. அந்த வரியை 'லிப்ட் அளவுக்கு மீறி வேகமாகப் போனால் அதைப் பிடித்து நிறுத்தும் அமைப்பின் கயிற்றையும் புதிதாகப் போடுகிறார்கள்' என்று எழுதிவிட்டால் போதும். 'லிப்ட்' என்று அவர் சொல்லும் சொல்லையே வைத்திருப்பதும் சரி. அங்கே 'மின்தூக்கி' வேண்டாம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். செவ்வாய் இரவு மட்டும் இரண்டாம் எண் லிப்ட் ஓடுமா? அம்மையார் அப்படி நினைத்துக்கொண்டு அதற்காகக் காத்து நிற்கக்கூடும்.

திருச்சியிலிருந்து:

ஓடாது. கயிறு மாற்றும்போது பெட்டியை மேல்தளத்தில் சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு, எதிரெடையைக் குழியில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். பழையதும் புதியதுமாகக் கலந்து போட்டால் இழுவை சமமாக இராது என்பதால் எல்லாத் தாங்கு கயிறுகளையும் ஒன்றாக மாற்றியாக வேண்டும். அந்த நிலையில் இரவுக்கு மட்டும் திறந்துவிட முடியாது. புதுக்கயிறு சில வாரங்களில் சற்று நீளும்; அப்போது வெட்டிச் சரிசெய்ய இன்னொரு முறை சிறிது நேரம் நிறுத்துவார்கள். அதையும் அக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டால், அடுத்த அறிவிப்பைப் பார்த்துப் பதற மாட்டார்.

மதுரையிலிருந்து:

விளக்கம் எனக்கு ஏற்புடையது; சீராக்கி என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் 'காவலி' என்பது பிடித்து நிறுத்துவதைக் காட்டவில்லையே. தாங்களே தாடை கவ்வுகிறது என்றீர்கள். 'மிகைவேகக் கவ்வி' என்றால் என்ன குறை?

திருச்சியிலிருந்து:

அது கவ்வுவது கயிற்றை, பெட்டியை அன்று. கேட்பவர் தண்டவாளத்தைக் கவ்வும் காப்புப்பிடியோடு குழப்பிக்கொள்வார். வேறு யாராவது கருத்துச் சொல்லட்டும், காத்திருக்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து:

யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன வரியைச் சேர்த்து, 'செவ்வாய் இரவும் ஓடாது. சில வாரம் கழித்து இன்னொரு முறை சிறிது நேரம் நிறுத்தக்கூடும்' என்றும் எழுதி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். முதலாம் எண் லிப்ட்டின் கயிறுகளை எப்போது மாற்றுவார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். அறிவிப்பில் அது இல்லை. சங்கச் செயலாளரிடம் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறேன். பட்டியலில் 'வேகக்காவலி', 'மிகைவேகக் கவ்வி' இரண்டையும் முடிவாகாதவை என்று குறித்து வைக்கிறேன்.