தாத்தாவின் சுகர் மாத்திரையைக் குழந்தை விழுங்கிவிட்டது: எங்கள் அனுபவம்

போன புதன்கிழமை நடந்தது. மகளுக்கு ஒன்றே முக்கால் வயது, 11 கிலோ. மதியம் 2:40-க்கு மாமனாரின் கட்டிலடியில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். கையில் அவருடைய கிளிமெபிரைடு 2 மி.கி. அட்டை. நாக்கில் தெரிந்த துகளைத் துணியால் துடைத்தெடுத்தேன். அத்தை உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். வாந்தி எடுக்கவைத்தால் புரையேறிவிடும் என்று தடுத்துவிட்டு 108-ஐ அழைத்தேன்.

அங்கே கேட்டது: என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, குழந்தையின் எடை, முழிப்பாக இருக்கிறாளா. எத்தனை என்பதில்தான் திணறினேன். மாமனார் ஞாயிறு காலை பிரித்த அட்டை, தினம் ஒன்று. 10-இல் 6 மீதி இருக்கவேண்டும், 4 தான் இருந்தது. தரையில் பாதி கடித்த ஒன்று கிடந்தது. ஒன்றரை என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இரண்டுன்னே எழுதிக்கிறேன்மா" என்றார். கடைசியாக அவளை மாத்திரையில்லாமல் பார்த்த நேரத்தையும் கேட்டார்: 2:10.

அப்போது சுகர் 94. ஓடி விளையாடினாள். வீட்டுக்குப் போகிறோம் என்றேன், விடவில்லை. ராத்திரி 9 மணிக்குத் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். தலையணை நனைந்திருந்தது, நெற்றி சில்லென்று இருந்தது. சுகர் 46. ஊசி வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏறி, மறுபடி இறங்கியது. வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்பினோம்.

பதில் 1: எங்க வீட்ல குளுக்கோமீட்டர் இருக்கு. இனிப்பு கொடுத்துட்டு வீட்லயே மணிக்கொருதரம் பார்த்தா போதாதா?

பதில் 2 (குழந்தைகள் வார்டில் செவிலியர்): முழிப்பா இருந்தா சாப்பிடக் கொடுக்கலாம், அதுவரை சரி. ஆனா இந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கவைச்சுக்கிட்டே இருக்கும். பல மணி நேரம் கழிச்சும் சுகர் இறங்கும், தூக்கத்துல இறங்கினா வீட்ல யாருக்கும் தெரியாது. சின்னக் குழந்தைக்கு சுகர் இறங்க ஒரு மாத்திரையே போதும். அதான் ராத்திரி முழுக்க வெச்சுப் பார்க்கிறோம். அரைமயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்கவைங்க. அட்டையை அப்படியே கொண்டுவாங்க. "சுகர் மாத்திரை"ன்னு மட்டும் சொன்னா எங்களுக்குப் பத்தாது. மெட்ஃபார்மின் மட்டும்னா கதையே வேற.

பதில் 3: என் பையன் அவனுடைய பூச்சி மாத்திரையை ரெண்டு நாள் தொடர்ந்து சாப்பிட்டுட்டான், அதுக்கும் அட்மிட் பண்ணணுமா?

பதில் 2: அது வேற விஷயம்ங்க. பேர், அளவு, வயசு சொல்லி உங்க டாக்டர்கிட்ட இன்னைக்கே கேளுங்க.

பதில் 4: எங்க வீட்டில் கர்ப்பகால இரும்பு மாத்திரை. சிவப்பாக மிட்டாய் மாதிரி இருக்கும். மகன் வாந்தியெடுத்தான், பிறகு தெளிவாகிவிட்டான். அந்தத் தெளிச்சியை நம்பக்கூடாது என்று டாக்டர் பிடித்துவைத்தார். எத்தனை விழுங்கினான் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

பதிவிட்டவர்: மாமனார் இப்போது அட்டையில் தேதி எழுதி, பீரோவில் பூட்டிவைக்கிறார். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்து மேசையில் வைக்கும் அந்த ஒரு மாத்திரையை என்ன செய்வது என்றுதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.