அம்மாவுக்குக் கழுத்தில் அரிக்காத கம்பளி எது?

புதுவரவு: அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் மதுரையிலிருந்து டொராண்டோவுக்கு வந்தோம். சாதாரணக் கம்பளி கழுத்தில் பட்டாலே அம்மாவுக்கு அரிக்கிறது. கடையில் மெரினோ, கேஷ்மியர், மோஹேர் மூன்றும் அடுத்தடுத்துத் தொங்கின. 15 டாலருக்குப் 'பஷ்மினா' என்ற சால்வையும் இருந்தது. பேருந்துக்குக் காத்து நிற்கும்போது ஜாக்கெட்டுக்குள் அணிய எதை வாங்கலாம்?

சுதுமலையான்: மோஹேரே சூடு. எவ்வளவு புசுபுசுவென்று முடி நிற்கிறதோ, அவ்வளவு குளிர் தாங்கும்.

ஊசிநூல்: அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்த முடிகளுக்கிடையே காற்று தங்குவதால்தான் மோஹேர் எடையில்லாமல் சூடு தருகிறது. ஆனால் தளர்வாகப் பின்னியிருந்தால் காற்று வீசினால் குளிர் உள்ளே புகுந்துவிடும். அரிப்புக்குக் காரணம் இழையின் தடிமன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைமுனை, தோலில் பட்டால் வளையாமல் குத்தும். அங்கோரா ஆட்டின் மோஹேரில், குட்டியின் முடி தவிர மற்றவை பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும்; உள்ளே அணியும் மெரினோ 17 முதல் 19 வரையிலும், கேஷ்மியர் 19-க்குள்ளும் இருக்கும். ஆகவே அம்மாவுக்கு உள்ளே மெரினோ. மோஹேர் வேண்டுமானால் சட்டைக்கு மேல் மட்டும். கடையில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே தோல் தடிமனானது. காதுக்குக் கீழே ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

கேஷ்மியரைக் கட்டைவிரலால் பத்துமுறை தேய்த்துப் பாருங்கள். உடனே பஞ்சு உருண்டு வந்தால் குட்டையான இழைகளால் நூற்றது. கடையில் மிக மெத்தென்று இருப்பதுதான் சில வாரங்களில் அக்குளில் உருண்டை கட்டும்.

புதுவரவு: அந்தச் சால்வை?

ஊசிநூல்: உண்மையான பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் ஆடுகளின் உள்முடி, 12 முதல் 15 மைக்ரான்தான். அதைக் காஷ்மீரில் கையால் நூற்று, கையால் நெய்த சால்வை 15 டாலருக்கு வராது. ஓரத்தில் தைத்த சிறு சீட்டைப் பாருங்கள். கனடாவில் இழையின் பெயரும் விழுக்காடும் அதில் இருந்தாக வேண்டும். குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்துத் தொட்டிக்கு மேல் கொளுத்தினால், கம்பளியானால் முடி கருகும் நாற்றத்துடன் பொடியாகும். மரக்கூழில் செய்யும் விஸ்கோஸ் காகிதம் போல எரியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். மெரினோவா கேஷ்மியரா என்பதை மட்டும் நெருப்பு சொல்லாது.

குழந்தையின் அப்பா: என் மகனுக்கு மெரினோ போட்டும் கழுத்து சிவக்கிறது. எங்கள் வீட்டிலும் கேஷ்மியர் வாங்கலாமா?

ஊசிநூல்: இழை மெலிதாக இருந்தும் சிவந்தால் சாயமோ சோப்போ காரணமாகலாம். ஒருமுறை வாசனையில்லாத சோப்பில் அலசிப் பாருங்கள். பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கேஷ்மியருக்கு அவசரப்படாதீர்கள்.

புதுவரவு: சீட்டைப் பார்த்தேன் அக்கா, நூறு விழுக்காடு விஸ்கோஸ். மெரினோ உள்சட்டை இரண்டு வாங்குகிறேன்.

சுதுமலையான்: இரண்டு போதும். ஆனால் மேலே மோஹேர் ஒன்று போடச் சொல்லுங்கள், ஜனவரியில் பேசிக்கொள்வோம்.