புதுப்பிப்பு: ஸ்பாட்டிஃபையில் சொந்த எம்பி3 பாட்டுகள் ஐபோனுக்கு வந்துவிட்டன

நான் முன்பு கேட்டது: "லேப்டாப்பில் இருக்கும் கோயில் கச்சேரிப் பதிவுகளை பிளேலிஸ்ட்டில் சேர்த்தேன். லேப்டாப்பில் ஓடுகின்றன, ஐபோனில் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. ஏன்?"

இப்போது ஓடுகின்றன, ஒன்றைத் தவிர.

பிரீமியம் வேண்டும், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சரிதான். ஆனால் என் போன் அதே ரூட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருந்தது. அதிலிருக்கும் கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரூட்டர் தடுத்துவிடுகிறது. இந்தப் பாட்டுகள் ஸ்பாட்டிஃபை சர்வருக்குப் போவதே இல்லை, லேப்டாப்பிலிருந்து நேராகப் போனுக்குத் தாவுகின்றன என்று விளக்கியவருக்கு நன்றி. பெயர் வந்து பாட்டு வராததற்குக் காரணமும் அதுதான்: பட்டியல் மட்டும் கணக்கு வழியாக வருகிறது.

போனை முதன்மை வைஃபைக்கு மாற்றினேன். அப்புறம் ஐபோனின் Settings > Privacy & Security > Local Network பக்கத்தில் ஸ்பாட்டிஃபைக்கு அனுமதி கொடுத்தேன். லேப்டாப்பில் ஸ்பாட்டிஃபையைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் அந்த பிளேலிஸ்ட்டுக்கு டவுன்லோடு அம்புக்குறியைத் தட்டினேன். பாட்டுகள் ஒவ்வொன்றாகச் சாம்பலிலிருந்து வெள்ளையாயின. இறங்கிய பிறகு லேப்டாப் அணைந்திருந்தாலும் ஓடுகின்றன.



ஒரு நாதஸ்வரப் பதிவு மட்டும் இன்னும் சாம்பல்தான். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. யாருக்காவது தெரியுமா?