ஸ்டோர் சாமான ஏபிசியா பிரிச்சதுல ஒரு சிக்கல்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பாம் ஆயில் எஸ்டேட்ல ஸ்டோர் கிராணியா இருக்கேன், மொத்தம் 420 ஐட்டம்.

ஜனவரில, ஒரு வருஷத்துல எவ்ளோ போகுதோ அத வெலையோட பெருக்கி, பெருசுலேர்ந்து சிறுசா அடுக்கி, மொத்த மதிப்புல 80% வரைக்கும் ஏ, 95% வரைக்கும் பி, மிச்சம் சி-னு பிரிச்சேன். உரம், டீசல், டயர்னு 38 ஐட்டம்தான் ஏ. ஏ-வ மாசாமாசம், பி-ய மூணு மாசத்துக்கு ஒருக்கா, சி-ய வருஷத்துக்கு ஒருக்கா எண்ணுறோம்.

டிராக்டர் ஹைட்ராலிக் பம்ப் சீல் ஒண்ணு 6 ரிங்கிட், வருஷத்துக்கு 9 போகும், வெறும் 54 ரிங்கிட், அதனால சி. போன மாசம் புக்குல 4 இருக்கு, டப்பால ஒண்ணுமில்ல. டிராக்டர் ரெண்டு நாள் படுத்துருச்சு, வெட்டுன குலையெல்லாம் ரோட்டோரமே கெடந்துச்சு.

சீல ஏ-க்கு ஏத்துனேன், உடனே மெக்கானிக் அண்ணே அவரு கேட்டதெல்லாம் ஏ-னு சொல்லி 110 ஆயிருச்சு, எண்ணி முடியல. வெறும் வெலைய வச்சும் அடுக்கி பாத்தேன், ரெண்டு வருஷமா தொடாத 3,800 ரிங்கிட் பம்ப் மேல வந்து உக்காந்துக்குது.

இந்த மாதிரி வேலைய நிறுத்துற சின்ன பார்ட்ஸ சி-லயே விட்டுட்டு தனி அடையாளம் போட்டு அடிக்கடி எண்ணுறதா, இல்ல ஏ-க்கே ஏத்துறதா, உங்க ஸ்டோர்ல எப்படி செய்றீங்க?