சோதனை ஆட்டத்தில் நண்பர் சொல்லும் குறை: வடிவமைப்பின் பிழையா, அவருடைய ரசனையா?

பகடைப்பித்தன்:
நால்வர் ஆடும் ஏல விளையாட்டு ஒன்றை உருவாக்கி, நண்பர்கள் நால்வரை ஆறு முறை ஆட வைத்துப் பார்த்தேன். மொத்தம் 8 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் வருவாய் அட்டைகள் ஏலத்துக்கு வரும். கேட்பு 5 காசில் தொடங்கும். அட்டையை எடுத்தவருக்கு அடுத்த சுற்றிலிருந்து சுற்றுக்கு 2 காசு கிடைக்கும். இறுதியில் அதிகக் காசு வைத்திருப்பவர் வெல்வார். ஒரு நண்பர் மட்டும் ஒவ்வொரு முறையும் “ஏலம் சலிப்பாக இருக்கிறது, எடுத்துவிடு” என்கிறார். அவருக்கு ஏல விளையாட்டுகளே பிடிக்காது. மற்ற மூவரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அவர் சொல்வதை ஒதுக்கிவிடலாமா?

நிலவன்:
தயங்காமல் ஒதுக்கலாம். நால்வரில் மூவராவது ஒரே குறையைச் சொன்னால்தான் நான் அதைக் குறையாக எண்ணுவேன். ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் ஒன்றை மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் யாருக்கும் பிடிக்காத விளையாட்டே மிஞ்சும்.

சோழி:
தலைகளை எண்ணுவது இங்கே உதவாது, நிலவன். நண்பர்களில் மூவர் உங்கள் மனம் நோகக்கூடாது என்று நல்லதாகச் சொல்லியிருக்கலாம். ஏலத்தை விரும்பாதவரோ மறைக்க ஒன்றுமில்லாததால் முதலில் வாய் திறந்திருக்கலாம். பகடைப்பித்தன், அவர் எந்தச் சுற்றில் அப்படிச் சொல்கிறார், அந்தச் சுற்றில் மற்ற மூவரின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதைக் குறித்து வைத்திருக்கிறீர்களா?

திரைவிரல்:
நண்பர்களை நம்பவே கூடாது என்பது என் அனுபவம். கைப்பேசிக்காக நான் செய்த புதிர் விளையாட்டின் மூன்றாம் நிலையை என் நண்பர்கள் அனைவரும் எளிதாகக் கடந்தார்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் கொடுத்தபோது அவர் அங்கேயே நின்றுவிட்டார். நண்பர்களுக்கு நான் முன்பே வாயால் வழி சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே எல்லோரிடமும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேளுங்கள்.

சோழி:
திரைவிரல் சொல்வது விதிகள் புரிகின்றனவா என்ற வேறு கேள்விக்கான பதில். மேலும், மதிப்பெண் கேட்டால் கிடைப்பது ரசனை மட்டுமே. “எதைச் செய்ய நினைத்து முடியாமல் போனது?” என்று கேட்டால் விளையாட்டைப் பற்றிய செய்தி கிடைக்கும்.

பகடைப்பித்தன்:
குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் முணுமுணுக்கத் தொடங்குவது ஏறத்தாழ ஆறாம் சுற்றில். அந்தச் சுற்றிலிருந்து அநேகமாக யாருமே கேட்கவில்லை. நால்வரும் ‘வேண்டாம்’ என்று அட்டையைத் தள்ளியிருக்கிறார்கள். அவர்கள் சேமிக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

சோழி:
கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் எடுத்த அட்டை மீதி ஏழு சுற்றுகளில் 14 காசு தரும். ஐந்தாம் சுற்றில் எடுத்தது 6 தரும். ஆறாம் சுற்றில் எடுத்தது 4 மட்டுமே தரும், ஆனால் அதற்குக் குறைந்தது 5 கொடுக்க வேண்டும். கேட்பவர் நட்டப்படுவார். ஆகவே கடைசி மூன்று சுற்றுகளில் உங்கள் ஏலம் செத்துக் கிடக்கிறது. அவருக்கு ஏலம் பிடிக்காது என்பது உண்மை. அவர் தொட்டுக் காட்டிய இடத்தில் பிழை இருப்பதும் உண்மை. ஏலத்தையே எடுத்துவிடச் சொன்ன மருந்து மட்டும்தான் அவருடைய ரசனை.

நிலவன்:
அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவருடைய சலிப்பை மற்றவர்களின் நடத்தையோடு ஒத்துப்பார்த்த பிறகுதானே நீங்களும் ஏற்றீர்கள்? அதுவும் ஒருவகை எண்ணிக்கைதான். தவிர, நாளை எல்லோரும் கேட்கிறார்கள் என்பதாலேயே அது சுவையாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

சோழி:
இரண்டாவது கருத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நடத்தையைப் பார்த்தால் எது உயிரற்றுக் கிடக்கிறது என்று தெரியும்; உயிரோடிருப்பது இனிக்கிறதா என்பதை எப்படியும் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பகடைப்பித்தன்:
அப்படியானால் அடுத்த ஆட்டத்தில் தொடக்கக் கேட்பை 3 ஆகக் குறைத்துப் பார்க்கிறேன், வேறெதையும் தொடப்போவதில்லை.

சோழி:
ஒன்றை மட்டும் மாற்றுவது சரி, ஆனால் இந்த மாற்றம் போதாது. ஆறாம் சுற்றில் 4 காசு தரும் அட்டையை 3 கொடுத்து எடுத்தால் ஒரு காசுதான் மிஞ்சும். ஏழாம் சுற்றில் அதுவும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் அட்டையின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றே. முதல் சுற்றில் அவர்கள் முண்டியடிப்பது 14 என்ற எண்ணை யாரும் இன்னும் கணக்கிடாததால் இருக்கலாம். கணக்கிட்டுவிட்டால் எல்லோரும் ஒரே எல்லை வரை கேட்டு நிறுத்துவார்கள், அந்த ஏலமும் படுத்துவிடும். கையில் உள்ள அட்டைகளைப் பொறுத்து ஆளுக்கொரு மதிப்புப் பெறும் அட்டைகளை ஆறாம் சுற்றிலிருந்து ஏலத்துக்கு விட்டுப் பாருங்கள்.

நிலவன்:
அது வேறு விளையாட்டாகிவிடும். முதலில் 3 காசு மாற்றத்தையே சோதிக்கட்டும்; அரை மணி நேரத்தில் தெரிந்துவிடப் போகிறது.

பகடைப்பித்தன்:
இரண்டையும் தனித்தனியாக ஆடவைக்கிறேன். இம்முறை 14 என்ற கணக்கை ஆட்டத்துக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டு, முதல் சுற்றில் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்க்கப்போகிறேன்.