புதுப்பிப்பு: வார்டு மருந்துப் பதிவேட்டை வரிசைகளாக மாற்றியது

முன்பு நான் கேட்டது: "எல்லாம் பத்தியாகவே எழுதியிருக்கிறது. தந்த, நிறுத்திவைத்த, மறுத்த டோஸ்களை நேரப்படி எப்படிப் பிரிப்பது?"

மூத்த செவிலியர் ஒருவர் சொன்னபடி, தர வேண்டிய நேரத்தை வைத்து அடுக்கினேன். தந்த நேரத்துக்குத் தனிக் கட்டம். "தந்த நேரமே போதும்" என்றவர் சொன்னது பாதி சரி. தராத டோஸுக்கு அப்படி ஒரு நேரமே இல்லையே, அது வரிசையிலிருந்து விழுந்துவிடும்.

மூலக் குறிப்பு: "காலை மெட்டோப்ரோலால் தரவில்லை, பல்ஸ் 48, டாக்டரிடம் சொன்னோம். மெட்ஃபார்மின் 8:20க்கு. இரவு அட்டோர்வாஸ்டாட்டின் வேண்டாம் என்றார்."

தர வேண்டிய நேரம் | மருந்து, அளவு | தந்த நேரம் | நிலை | குறிப்பு

08:00 | மெட்டோப்ரோலால் 25 மி.கி. | – | நிறுத்திவைப்பு | நாடி 48, மருத்துவருக்குத் தெரிவித்தாயிற்று

08:00 | மெட்ஃபார்மின் 500 மி.கி. | 08:20 | தரப்பட்டது | –

21:00 | அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. | – | மறுப்பு | காரணம் குறிப்பில் இல்லை

அளவும் தர வேண்டிய நேரமும் மருத்துவர் உத்தரவிலிருந்து எடுத்தவை. மறுப்புக்கான காரணத்தை நானாக ஊகித்து நிரப்பவில்லை. மூலத்தையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்கு இது உதவுமா என்று கேட்டவருக்கு: இது வார்டுப் பதிவேடு, வீட்டுக்கு இவ்வளவு கட்டங்கள் வேண்டாம்.

மற்றொரு குறிப்பில் வரும் "தூங்கிக்கொண்டிருந்தார், தரவில்லை" என்ற வரிதான் இன்னும் இழுபறி. நோயாளி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் மறுப்பு ஆகாது. நிறுத்திவைப்பு என்றால் யார் முடிவெடுத்தது என்று எழுத வேண்டும். குறிப்பில் அது இல்லை. எழுதியவரிடமே கேட்டிருக்கிறேன்.